கூலி எங்கே தெரியும், எங்கே தெரியாது?

மாசி, பங்குனியில் வெள்ளாமை வெட்டு நடக்கும்போது மூதூரை அடுத்த கட்டைபறிச்சான் வீடுகளில் காசு புழங்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றோடு கொட்டியாரக் குடா கொந்தளித்தால் கடல் தொழில் செய்வோர் பல நாள் கரையிலேயே இருப்பார்கள். இப்படி ஏறி இறங்கும் வருமானத்துக்கு நடுவே, மாதம் தவறாமல் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும் ஒரே தொகை பல வறிய வீடுகளில் அஸ்வெசும கொடுப்பனவுதான். ஆகவே மூதூரிலோ திருகோணமலையிலோ மாதச் சம்பளத்துக்கு ஒரு வேலை இருக்கிறது என்று யாராவது வந்து சொன்னால், சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியும் எழும்: "வேலைக்குப் போனா அஸ்வெசும வெட்டுப்படுமா?"

இந்தக் கேள்வியைச் சோம்பலின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு நல்ல கணக்காளர் கேட்கும் கேள்வியாகவே தெரிகிறது. பதிலைத் தேடிப் போனால், வருமானம் எந்த ஏட்டிலும் பதிவாகாத ஒரு நாட்டில் யார் வறியவர் என்று அரசு எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற வியப்பான அறிவியலுக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

முதலில் கொடுப்பனவின் அமைப்பு. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியது. தெரிவான குடும்பங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன. இடைநிலையினருக்கு மாதம் 2,500 ரூபாய், பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு 5,000, வறியவர்களுக்கு 8,500, மிக வறியவர்களுக்கு 15,000. பின்னர் 2025 ஜனவரியிலிருந்து வறியவர்களின் தொகை 10,000 ஆகவும் மிக வறியவர்களின் தொகை 17,500 ஆகவும் உயர்ந்தது.

ஒரு குடும்பம் இந்த நான்கில் எதற்குள் வரும் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? சம்பளச் சீட்டைப் பார்த்து என்று நாம் நினைக்கலாம். ஆனால் கட்டைபறிச்சானில் யாரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது? வயலில் நாட்கூலி கையில் கொடுக்கப்படும். மீன் விற்ற காசு கரையிலேயே பங்கிடப்படும். பங்குனியில் வந்து வருமானம் கேட்டால் ஒரு தொகை சொல்லலாம், அதே குடும்பம் மார்கழியில் அதில் பாதியைக்கூடச் சொல்ல முடியாது. இரண்டு பதிலும் உண்மைதான்.

இந்தச் சிக்கல் இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. முறைசாராத் தொழில் பெருகிய எல்லா நாடுகளிலும் இருக்கிறது. இதற்கு ஒரு வழியை லத்தீன் அமெரிக்க நாடுகள் 1980களிலேயே முயன்று பார்த்தன. பொருளியலாளர்கள் மார்கரெட் குரோஷும் ஜூடி பேக்கரும் 1995இல் உலக வங்கிக்காக அதை முறையாக ஆராய்ந்து எழுதினார்கள். அந்த வழி இதுதான்: வேகமாக மாறும் வருமானத்தை அளக்க முயலாமல், மெதுவாக மாறுகிறவற்றை அளந்து வருமானத்தை ஊகிப்பது. கூரை ஓடா, தகரமா? மலசலகூடம் எப்படிப்பட்டது? குடும்பத் தலைவர் எத்தனையாம் வகுப்பு படித்தார்? எத்தனை பேர் உழைக்கிறார்கள், எத்தனை பேர் அவர்களை நம்பியிருக்கிறார்கள்? இவை ஒரு மாதத்துக்குள் மாறிவிடாது. அதிகாரி கண்ணால் பார்த்துச் சரிபார்க்கவும் முடியும்.

அஸ்வெசும இந்த மரபில் வந்ததுதான். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளின் கீழ் 22 குறிகாட்டிகளைப் பார்த்துப் புள்ளி போடுகிறது. விண்ணப்பத்தோடு மின்கட்டணக் கணக்கு இலக்கத்தைக் கேட்டதும் இதற்காகத்தான். ஒரு வீடு மாதத்தில் எத்தனை அலகு மின்சாரம் பாவிக்கிறது என்பது அந்த வீட்டின் செலவுச் சக்தியைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். அந்தத் தகவலை மின்மானியே எழுதி வைக்கிறது.

எனவே நம் கேள்விக்கு முதல் பதில் சற்று எதிர்பாராதது. வருமானமும் பொருளாதார நிலையின் ஒரு பகுதியாகக் கேட்கப்படலாம். ஆனால் புதிய சம்பளம் வந்த மறுமாதமே கொடுப்பனவைக் குறைக்கும் தானியங்கிக் கத்தரி இந்த முறையில் இல்லை. சம்பளம் சம்பளமாக இருக்கும்வரை புள்ளிகளின் பெரும்பகுதிக்கு அது தெரிவதே இல்லை. அது குளிர்சாதனப் பெட்டியாக, மோட்டார் சைக்கிளாக, சீமெந்து பூசிய சுவராக, கூடிய மின் அலகாக உருமாறிய பிறகுதான் தெரியத் தொடங்குகிறது. அதுவும் அடுத்த மீளாய்வு நடக்கும்போதுதான்.

அப்படியானால் மக்கள் மோட்டார் சைக்கிள் வாங்குவதையே தவிர்த்துவிடுவார்களா? இதை இந்தோனேசியாவில் ஒரு பெரிய பரிசோதனையாகவே செய்து பார்த்தார்கள். அபிஜித் பானர்ஜி, ரேமா ஹன்னா, பெஞ்சமின் ஓல்கன், சுதார்னோ சுமார்த்தோ ஆகியோர் அரசோடு சேர்ந்து, வறுமைக் கணக்கெடுப்பு வினாக்கொத்தில் தட்டைத்திரைத் தொலைக்காட்சி பற்றிய கேள்வியைச் சில மாகாணங்களில் மட்டும் சேர்த்தார்கள். எந்த மாகாணம் என்பது குலுக்கல் போலத் தெரிவானது. கேள்வி இருந்த மாகாணங்களில், தொலைக்காட்சி வைத்திருப்பதாகச் சொன்னவர்களின் பங்கு சிறிது காலத்துக்குக் குறைந்தது. ஆனால் கடைகளின் விற்பனைத் தரவைப் பார்த்தபோது, விற்ற தொலைக்காட்சிகளின் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. மக்கள் வாங்குவதை நிறுத்தவில்லை, சிலர் வாங்கியதைச் சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான். உதவித்தொகை மக்களின் உழைப்பையோ வாழ்வையோ முடக்கிவிடும் என்று மேடைகளில் அடித்துச் சொல்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும்.

கொலம்பியாவில் வேறொன்று நடந்தது. அங்கே புள்ளி கணிக்கும் சூத்திரம் 1990களின் பிற்பகுதியில் உள்ளூராட்சிகளுக்குத் தெரியவந்தது. அதன் பின், தகுதி எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ள புள்ளியில் வழக்கத்துக்கு மாறாக ஏராளமான குடும்பங்கள் குவிந்தன. கமாச்சோ, கொனோவர் என்ற இரு ஆய்வாளர்கள் புள்ளிகளை வரைபடமாக வரைந்து அந்தக் குவியலைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து பல அரசுகள் தங்கள் குறிகாட்டிகளின் நிறையை வெளியே சொல்லத் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்தின் விலையை நேர்மையான குடும்பமே கொடுக்கிறது. வேலைக்குப் போனால் எத்தனை புள்ளி கூடும் என்று வீட்டிலிருந்தபடி கணிக்க அதற்கு வழி இல்லை.

புள்ளியைக் கணிக்க முடியாவிட்டாலும் காசைக் கணிக்கலாம். கட்டைபறிச்சானில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவரை இழந்த ஒரு தாய், எழுபது கடந்த அவருடைய அம்மா, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் மகள். வறியவர் பிரிவில் மாதம் 10,000 ரூபாய் வருகிறது. தாய் மாதத்தில் எட்டு நாள் கூலி வேலை செய்கிறார், நாளுக்கு 1,500 ரூபாய் என்று வைத்தால் 12,000. இப்போது அவருக்கு மாதச் சம்பள வேலை ஒன்று கிடைக்கிறது. 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதையே எடுத்துக்கொள்வோம்.

30,000இல் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,400 ரூபாய் கழியும். மீதி 27,600. மூதூரிலிருந்து திருகோணமலைக்கு ஒரு காலத்தில் குடாவைக் கடந்து படகில் போக வேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, மற்றப் பாலங்களும் சேர்ந்து பஸ் பாதை இணைந்துவிட்டது. ஆனாலும் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நாளுக்கு 250 ரூபாய் வேண்டும் என்றால், 24 வேலை நாளில் 6,000. கையில் நிற்பது 21,600. மாதச் சம்பள வேலைக்குப் போவதால் வயல் கூலி 12,000 போய்விடும். ஆகப் புதிய வேலையால் உண்மையில் கூடுவது 9,600 ரூபாய்தான். 30,000 என்ற எண்ணைக் கேட்ட காதுக்கு இது நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் பழைய கூலியைக் கழிக்க மறப்பதுதான் இந்தக் கணக்கில் வழக்கமாக நடக்கும் பிழை.

அஸ்வெசும தொடர்ந்தால் மாதம் 9,600 ரூபாய் லாபம். அஸ்வெசும முழுதாக நின்றால் 400 ரூபாய் நட்டம். மாதம் முழுக்க உழைத்து, முன்பிருந்ததைவிட 400 ரூபாய் குறைவாக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். கையில் வரும் காசு மட்டும்தான் இது. தொழில் கொடுப்பவர் சேமலாப நிதிக்கு 12 வீதம் சேர்ப்பார், தாயின் 8 வீதத்தோடு அது மாதம் 6,000 ரூபாய்ச் சேமிப்பு. ஆனால் பெண்கள் பொதுவாக 50 வயதில்தான் அதை எடுக்கலாம். இன்றைய அரிசிக்கு அது உதவாது, நாளைய முதுமைக்கு உதவும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டாமல் தனித்தனி வரியில் எழுதி வைத்துப் பார்ப்பதே சரி.

மாதம் 9,600 கூடினால் 10,000 வெட்டுப்படும் இந்த அமைப்பைப் பொருளியலாளர்கள் செங்குத்துச் சரிவு என்பார்கள். இதன் கொடுமையைப் பிரித்தானியாவில் தெளிவாகப் பார்த்தார்கள். அங்கே நோயாளியையோ முதியவரையோ வாரம் 35 மணி நேரம் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு கொடுப்பனவு உண்டு. 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் அது வாரம் 83.30 பவுணாக இருந்தது. அவர் பகுதிநேர வேலை செய்யலாம், ஆனால் வாரச் சம்பளம் கழிவுகள் போக ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது; அந்த ஆண்டில் அது 196 பவுண். ஒரு பவுண் தாண்டினாலும் கொடுப்பனவு முழுதாகப் போய்விடும். தாண்டியது தெரியாமல் பல ஆண்டு வாங்கியவர்களிடம் ஆயிரக்கணக்கான பவுணைத் திரும்பக் கேட்டது 2024இல் அந்த நாட்டில் பெரும் பிரச்சினையானது. லண்டன் தமிழ் வீடுகளிலும் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொண்டு பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கூடுதலாக ஒரு மணி நேரம் வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் அவர்கள் கேட்க வேண்டியதும் கட்டைபறிச்சான் தாயின் அதே கேள்விதான்.

அதே நாட்டில் இன்னொரு உதவி வேறு வடிவத்தில் இருக்கிறது. யுனிவர்சல் கிரெடிட் என்ற கொடுப்பனவில், சம்பளம் கூடும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் மட்டுமே குறையும். கோயில் குளத்துப் படி போல அது கீழே இறங்குகிறது, கிணற்றுச் சுவர் போல விழுவதில்லை. நம் தாய்க்கு அப்படி ஒரு விதி இருந்திருந்தால், கூடும் 9,600இல் 5,280 குறைந்து, 4,320 ரூபாய் அவருக்கு மிஞ்சியிருக்கும். அஸ்வெசுமவின் நான்கு வகைகளும் படிகள்தான், ஆனால் படிகளின் உயரம் பெரிது. 2025 தொடக்கத்துத் தொகைகளின்படி, வறியவர் பிரிவிலிருந்து ஒரு படி ஏறினால் 10,000 பாதியானது, இன்னொரு படி ஏறினால் 2,500, அதற்கு மேல் ஒன்றுமில்லை. தொகை குறைந்த மேற்படிகளுக்குக் காலவரையறையும் குறுகியது. முதல் அரசிதழின்படி, வறியவர், மிக வறியவர் பிரிவுகளுக்கு 2026 ஜூன் 30 வரை மூன்று ஆண்டு. மற்ற இரண்டுக்கும் அதைவிட மிகக் குறைவு, பின்னர் சில மாதங்கள் வீதம் நீட்டப்பட்டது.

இப்படியொரு முடிவுத் திகதி இருப்பது நம் கணக்கில் பெரிய இடம் பிடிக்கிறது. "கொடுப்பனவை இழப்பேன்" என்று அஞ்சும்போது, அது என்றென்றைக்கும் வரப்போவதாக நம் மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் இழப்பது, மீளாய்வு வரும்வரையுள்ள மாதங்களின் தொகைதான். அடுத்த மீளாய்வில் வேலைக்குப் போகாமலே ஒருவர் வெளியே தள்ளப்படலாம். புள்ளிமுறை அவ்வளவு துல்லியமானது அல்ல. வீட்டுச் செலவில் குடும்பத்துக்குக் குடும்பம் இருக்கும் வேறுபாட்டில், இத்தகைய குறிகாட்டிகள் பல நாடுகளில் ஏறக்குறையப் பாதியைத்தான் விளக்கின. மிச்சப் பாதி தெரியாமலே போகிறது. 2023 ஜூனில் முதல் பட்டியல் வெளியானபோது லட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். போரில் இடம்பெயர்ந்து, உதவியாகக் கிடைத்த கல்வீட்டில் வாழும் குடும்பத்தின் சுவர் பலமாக இருக்கலாம், அடுப்பு எரியாமல் இருக்கலாம். சுவருக்குத்தான் புள்ளி.

இனி வீட்டுக்குள் வரும் மற்றத் தொகைகள். ஒவ்வொன்றும் வேறு கண்ணாடி போட்டுப் பார்க்கிறது. பாட்டிக்குக் கிடைக்கும் 70 வயது கடந்தோருக்கான கொடுப்பனவு, 2025 ஏப்ரலில் 3,000இலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. அது குறைந்த வருமானக் குடும்பத்து முதியவருக்கு உரியது. எனவே தாயின் புதிய சம்பளம் பாட்டியின் காசையும் தொடுமா என்பதைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். மகளுக்குக் கிடைக்கக்கூடிய மகாபொல புலமைப்பரிசில் 2025இல் 5,000இலிருந்து 7,500 ரூபாயாகக் கூடியது. கூரையையோ மின்மானியையோ அது பார்ப்பதில்லை, பெற்றோரின் ஆண்டு வருமானத்தை நேரடியாகக் கேட்கிறது. அஸ்வெசுமவுக்குத் தெரியாத சம்பளம் அங்கே சம்பளச் சீட்டாகவே தெரியும். எந்த ஆண்டின் வருமானம் கேட்கப்படுகிறது என்பதே அங்கு முக்கியம். தாய் ஆடி மாதம் வேலை தொடங்கினால், முந்திய ஆண்டின் வருமானத்தில் அது இருக்காது. தொடங்கும் மாதம் ஒன்றிரண்டு மாறினால்கூட விடை மாறலாம் என்பதால், விண்ணப்பப் படிவத்தில் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? பெரும்பாலோர் கிராம உத்தியோகத்தரிடம் வாயால் கேட்பார்கள். அவரும் நல்லெண்ணத்தோடு, "பயப்பட வேணாம், போங்க" என்பார். அந்தச் சொல் ஏட்டில் இல்லை, நாளை அவர் இடம் மாறிப் போகலாம். மூதூர் பிரதேச செயலகத்தில் நலன்புரி நன்மைகள் பிரிவில் கேட்கலாம், 1924 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். ஆனால் எழுத்தில் பதில் வேண்டுமானால் சிறந்த கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழில் எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். எதைக் கேட்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. "வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டால் அது ஆலோசனை, தகவல் அல்ல. என் குடும்பம் எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தகவல்களின் அடிப்படையில், அடுத்த மீளாய்வு எப்போது, மாதச் சம்பள வேலை கிடைத்தால் எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கை சொல்கிறது, அதன் பிரதி வேண்டும். இப்படிக் கேட்டால் ஏட்டில் இருப்பது கைக்கு வரும்.

அறிவிக்க வேண்டியிருந்தால் அறிவிக்கத்தான் வேண்டும். பொய்த் தகவல் கொடுப்பது நலன்புரி நன்மைகள் சட்டத்தின்படி குற்றம். அது தவிர, பட்டியலில் உள்ள ஒருவருக்கு எதிராக ஊரில் யாரும் ஆட்சேபனை கொடுக்கலாம். காலை பஸ்ஸுக்கு நிற்பவரைச் சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரியும். மறைத்துப் பெற்ற மாதங்கள் பின்னர் திரும்பக் கட்ட வேண்டிய கடனாக வந்து நிற்பதைத்தான் பிரித்தானியப் பராமரிப்பாளர்களின் கதை காட்டியது, அவர்களில் பலர் மறைக்கவே இல்லை என்றபோதும்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் கவலை தருவது வெட்டுப்படுவது அல்ல, திரும்ப உள்ளே வருவது. வேலை ஒரே நாளில் போகலாம், ஆனால் அஸ்வெசுமவுக்குத் திரும்ப விண்ணப்பிக்க அடுத்த விண்ணப்பச் சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். வெளியே போகும் கதவும் உள்ளே வரும் கதவும் ஒரே வேகத்தில் திறப்பதில்லை. தாய் எட்டு மாதம் வேலை செய்து, அந்த எட்டு மாதமும் அஸ்வெசும வந்தது என்று வைப்போம். கூடிய தொகை மாதம் 9,600 வீதம் 76,800 ரூபாய். எட்டாம் மாத முடிவில் மீளாய்வும் வந்து, வேலையும் போனால், அவர் பழைய 12,000 கூலிக்குத் திரும்புவார், 10,000 மட்டும் இருக்காது. அந்த 76,800 முழுதும் தபாலகச் சேமிப்பில் இருந்தால் ஏழரை மாதத்துக்குச் சற்று மேல் அந்த 10,000ஐ அதிலிருந்து ஈடுசெய்யலாம். அதில் பாதியை மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கு முற்பணமாகக் கட்டியிருந்தால், நாலு மாதம்கூட நிற்காது. மேலும் முற்றத்தில் நிற்கும் அந்த வாகனம் அடுத்த விண்ணப்பத்தில் சொத்துக் கணக்கில் எழுதப்படும். வேலைக்குப் போகும் முன் அவர் போட வேண்டிய கடைசிக் கணக்கு, எத்தனை மாதம் உழைத்தால் எத்தனை மாதம் காத்திருக்கத் தாங்கும் என்பதே. வேலை ஒரு வருடத்துக்கு உறுதி என்று நியமனக் கடிதத்தில் எழுதித் தருவார்களா என்று முதலாளியிடம் கேட்பதும் அந்தக் கணக்கின் ஒரு வரிதான்.